கையெழுத்து போன பிறகு: படுத்த படுக்கையான அம்மாவுக்கு வங்கியை வீட்டுக்கு வரவழைத்த அனுபவம்

போன வருடம் ஆனி மாதக் கடைசியில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வயது 81. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறும், ஆனால் என்ன சொல்கிறார் என்று எங்களுக்குத் தெரியும். நாம் சொல்வது அத்தனையும் அவருக்குப் புரியும். மதுரை பழங்காநத்தத்தில் என் வீட்டு முன்னறையில் கட்டில் போட்டு, தண்ணீர் மெத்தை வாங்கி, பகலுக்கு ஒரு ஆயாம்மாவையும் வைத்துக்கொண்டோம்.

அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் இறந்த பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டரில் இருக்கும் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில்தான் கணக்கு. அம்மா ஏடிஎம் கார்டு வாங்கியதே இல்லை. மாதம் பிறந்தால் பாஸ்புக்கை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு போவார், சலான் எழுதிக் கொடுப்பார், பணத்தை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு வருவார். இருபது வருடம் இப்படியே ஓடியது. அந்தக் கை விழுந்த பிறகுதான், அம்மாவின் பணத்துக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்தது அவருடைய அந்த ஒரு கையெழுத்துதான் என்பது எங்களுக்கு உறைத்தது.

ஆயாம்மாவுக்குச் சம்பளம், பிசியோதெரபிக்கு நாளுக்கு 400 ரூபாய், மருந்து, டயப்பர் என்று கையிருப்பு கரைந்தது. அம்மா கணக்கில் பணம் இருக்கிறது. தம்பி ஒரு சலானை நிரப்பி, அம்மாவின் இடது கையில் பேனாவைக் கொடுத்துக் கையெழுத்து மாதிரி ஒன்றை வாங்கிக்கொண்டு வங்கிக்குப் போனான். கவுன்டரில் பார்த்த உடனேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதில் அவர்கள் மேல் தப்பில்லை. சலானில் பணம் எடுக்க வேண்டுமென்றால் கணக்குக்காரரே பாஸ்புக்கோடு நேரில் வர வேண்டும். அடுத்தவர் கையில் கொடுத்தனுப்ப அது காசோலை அல்ல. அதோடு கையெழுத்தும் பொருந்தவில்லை. தம்பி, “நான்தான் சார் நாமினி” என்று சொல்லியிருக்கிறான். நாமினிக்கு உரிமை வருவது கணக்குக்காரர் காலமான பிறகுதான், உயிரோடு இருக்கும்வரை அந்தப் பெயரை வைத்து ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதுவும் சரியான பதில்தான்.

சரியில்லாதது அதற்கடுத்து அவர்கள் சொன்னது. “ஒரு தடவை அம்மாவைக் கூட்டிட்டு வந்து காமிச்சிருங்க.”

கூட்டிக்கொண்டு போனோம். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு பிசைகிறது. வேன் வைத்து, தம்பியும் டிரைவரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி, கிளை வாசலில் இறக்கினார்கள். படியில் சரிவுப்பாதை இருந்தது. சக்கர நாற்காலி இல்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து அப்படியே தூக்கினோம். வலது பக்கம் சரிந்து சரிந்து விழுந்ததால் என் துப்பட்டாவை நாற்காலியோடு சேர்த்துக் கட்டினேன். நாற்பது நிமிடம். வீட்டுக்கு வந்தபோது இடுப்பில் ஏற்கெனவே சிவந்திருந்த இடம் கிழிந்து புண்ணாகியிருந்தது. வேனுக்கும் ஆளுக்கும் 1,800 ரூபாய் கொடுத்தோம். அந்தப் புண் ஆற இரண்டு மாதமானது.

எதிர்வீட்டில் குடியிருக்கும் ஐயா வேறொரு வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். புண்ணுக்கு மருந்து வாங்கப் போகும்போது வாசலில் பார்த்து, என்ன ஏது என்று விசாரித்தார். எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்ன ஒரு விஷயம்தான் இதை எழுதவே காரணம்.

“ஏம்மா, வீட்டுக்கு வர்ற பேங்க் சேவைன்னு எல்லாரும் பொதுவாச் சொல்றாங்க. அது ரெண்டு வகை. ஒண்ணு, மெஷினைத் தூக்கிட்டு ஏஜென்ட் வர்றது. இன்னொண்ணு, கிளையிலிருந்து அதிகாரியே வர்றது. உங்கம்மாவுக்கு எது வேணும்னு தெரியாமக் கேட்டா, வந்தவன் வெறுங்கையோட திரும்பிப் போவான்.”

அப்படியேதான் நடந்தது, ஏனென்றால் நாங்கள் முதலில் ஏஜென்ட் சேவைக்குத்தான் பதிவு செய்தோம். பொதுத்துறை வங்கிகள் 12-ம் சேர்ந்து 2020 செப்டம்பரில் தொடங்கிய பொதுவான ஏற்பாடு அது. அதற்கான செயலியிலோ இலவசத் தொலைபேசி எண்ணிலோ பதிவு செய்யலாம். கணக்கோடு இணைத்திருக்கும் கைபேசி எண் கையில் இருக்க வேண்டும், ஓடிபி அதற்குத்தான் வரும். அம்மாவின் பழைய பட்டன் போனை நாங்கள் ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருந்தது இங்கே கைகொடுத்தது. தெரிந்த இன்னொரு வீட்டில் பெரியவர் படுத்ததும், “இனி எதுக்கு இவருக்கு போன்” என்று நம்பரை விட்டுவிட்டார்கள். பிறகு அந்த நம்பரை மாற்றுவதற்கே ஒரு அதிகாரி வர வேண்டியதாயிற்று. படுக்கையில் இருப்பவரின் சிம்முக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்வது வீண் செலவே இல்லை.

பதிவானதும் ஒரு கோரிக்கை எண்ணும் ஒரு சேவைக் குறியீடும் குறுஞ்செய்தியில் வந்தன. மூன்று மணிக்குள் பதிவு செய்தால் அன்றைக்கே வருவார்கள், அதற்கு மேல் என்றால் மறுநாள் வேலைநாளில். எங்களுக்கு மறுநாள் காலையில் ஒரு பையன் வந்தான். மரியாதையான பையன். அடையாள அட்டையைக் காட்டினான், அவனிடம் இருந்த குறியீட்டை எங்களிடம் இருந்ததோடு ஒப்பிட்டுக்கொண்டான். இந்த ஒப்பிடுதலை யாரும் விட்டுவிடக் கூடாது. குறியீடு பொருந்தாமல் பாஸ்புக்கையோ ஆதாரையோ எடுத்து நீட்ட வேண்டாம். தொலைபேசி எண்ணையும் கூகுளில் தேடி எடுக்காமல் கிளையில் கேட்டோ வங்கியின் சொந்த இணையதளத்திலோ எடுத்துக்கொள்ளுங்கள். தேடினால் முதலில் வருவது மோசடிக்காரன் எண்ணாகக்கூட இருக்கும்.

பையன் கையடக்கமான ஒரு மைக்ரோ ஏடிஎம்மை வெளியே எடுத்தான். அதில் பணம் எடுக்க இரண்டே வழி. கார்டைச் செருகி ரகசிய எண் போடலாம், அல்லது ஆதார் எண்ணைக் கொடுத்து விரலை வைக்கலாம். கார்டு இல்லாத அம்மாவுக்கு விரல்தான். வலது கை மடங்கி இறுகிப் போயிருந்ததால் இடது கட்டைவிரலை வைத்தான். சிவப்பு விளக்கு. ஆள்காட்டி விரல், சிவப்பு. நடுவிரல், சிவப்பு. வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்து, உலரவிட்டு, திரும்ப வைத்தான். ஆயாம்மா வழக்கம்போலத் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தார் என்று சோப்புப் போட்டும் கழுவினோம். ஒன்றும் ஆகவில்லை. அம்மாவின் விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அறுபது வருடம் அம்மி அரைத்த, பாத்திரம் தேய்த்த விரல். கோடுகள் இருந்த இடம் வழவழவென்று இருந்தது.

“அக்கா, ரேகை தேஞ்சு போச்சு. மெஷின் எடுக்க மாட்டேங்குது. எனக்கு இதுக்கு மேல ஒண்ணும் செய்ய முடியாதுக்கா” என்றான். அவன் சொன்னது உண்மை. அந்த மெஷினுக்கு ஆதாரில் பதிவான ரேகை பொருந்த வேண்டும், இல்லையென்றால் கார்டு வேண்டும். அதைத் தாண்டி முடிவெடுக்கும் அதிகாரம் ஏஜென்ட்டுக்குக் கிடையாது. அம்மாவின் கையெழுத்து மாறியதையோ மையில் தோய்த்த ரேகையையோ ஏற்றுக்கொள்ள அவரால் முடியாது. ரேகை பொருந்தியிருந்தாலும் எங்கள் வங்கியில் அந்த வழியில் ஒரு முறைக்குக் குறைந்தது 1,000, அதிகபட்சம் 10,000 ரூபாய்தான். கை நடமாட்டமும் ரேகையும் கார்டும் நன்றாக இருந்து, வெளியே போகத்தான் முடியவில்லை என்பவர்களுக்கு அருமையான ஏற்பாடு அது. காசோலையை வாங்கிக்கொண்டு போவது, காசோலைப் புத்தகத்துக்கு விண்ணப்பம் வாங்குவது, டிடி கொண்டுவந்து தருவது எல்லாம் ஏஜென்ட் செய்வார். கொடுக்கும் காகிதத்தை உங்கள் கண் எதிரே உறையில் போட்டு ஒட்ட வேண்டும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வெவ்வேறு வகைக் காகிதங்களை ஒரே கோரிக்கையில் சேர்த்து வாங்க மாட்டார்கள், அதையும் தெரிந்து வைத்துக்கொண்டால் வந்தவரோடு வாக்குவாதம் வராது.

எங்களுக்கு வேண்டியது இரண்டாவது வகை. எதிர்வீட்டு ஐயா அதற்கான விதியை விளக்கினார். வயதானவர்கள், நோயாளிகள், இயலாதவர்கள் கணக்கை எப்படி இயக்குவது என்று ரிசர்வ் வங்கி தன் வாடிக்கையாளர் சேவைச் சுற்றறிக்கையிலேயே சொல்லியிருக்கிறது. கையெழுத்துப் போட முடியாது, ஆனால் விரல் ரேகை வைக்க முடியும் என்றால், பணம் எடுக்கும் படிவத்தில் ரேகை வாங்கலாம். கை உதவாவிட்டால் கால் விரல் ரேகையும் செல்லும். ரேகையும் வைக்க முடியாத நிலை என்றால் ஏதாவது ஒரு அடையாளக் குறியை வாங்கிக்கொள்ளலாம். எதுவானாலும் வங்கிக்குத் தெரிந்த, சம்பந்தமில்லாத இரண்டு சாட்சிகள் அதை அடையாளம் காட்ட வேண்டும். அவர்களில் ஒருவர் பொறுப்பான வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். பணத்தை யார் வந்து வாங்கிக்கொள்வார் என்பதையும் கணக்குக்காரரே காட்ட வேண்டும். அந்த ஆளையும் இரண்டு சாட்சிகள் அடையாளம் சொல்ல, அவர் வங்கியில் தன் கையெழுத்தைக் கொடுக்க வேண்டும். மெஷினில் பொருந்தாத அதே தேய்ந்த விரல் இங்கே செல்லுபடியாகும், ஏனென்றால் இங்கே ஒப்பிட்டுப் பார்ப்பது மெஷின் இல்லை, பக்கத்தில் நிற்கும் மனிதர்கள்.

இதோடு 2017 நவம்பர் 9 அன்று ரிசர்வ் வங்கி இன்னொரு சுற்றறிக்கை வெளியிட்டது. 70 வயதைத் தாண்டியவர்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், மருத்துவச் சான்று உள்ள நாள்பட்ட நோயாளிகளுக்கும் வீட்டிலேயே பணம் தருவது, பணமும் காசோலையும் ரசீது கொடுத்து வாங்கிக்கொள்வது, டிடி தருவது, கேஒய்சி காகிதங்களையும் வாழ்நாள் சான்றையும் வாங்கிக்கொள்வது ஆகியவற்றுக்கு வங்கிகள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றது அது. 70-க்கு மேற்பட்டவருக்கு வயதே போதும். அதற்குக் கீழ் என்றால்தான் நோய்ச் சான்று கட்டாயம்.

வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுங்கள் என்றார் ஐயா. அவர் சொல்லச் சொல்ல அம்மா பெயரிலேயே கடிதம் எழுதினேன். சாரம் இவ்வளவுதான்:

“எனக்கு 81 வயது. பக்கவாதத்தால் படுத்த படுக்கையாக இருக்கிறேன். சுயநினைவோடு இருக்கிறேன். வலது கை செயலிழந்ததால் கையெழுத்திட இயலாது. இடது கைப் பெருவிரல் ரேகை வைக்க இயலும். வயதான, நோயுற்ற வாடிக்கையாளர்களுக்கான ரிசர்வ் வங்கி வழிமுறைப்படி பொறுப்பான அதிகாரி ஒருவரை என் வீட்டுக்கு அனுப்பி, என் ரேகையைப் பதிவு செய்துகொண்டு, என் கணக்கிலிருந்து 45,000 ரூபாயை என் மகள் மூலம் பெற்றுக்கொள்ள அனுமதிக்க வேண்டுகிறேன். மருத்துவச் சான்று இணைப்பு.”

இதில் உயிர்நாடி இரண்டு வாக்கியங்கள்: சுயநினைவோடு இருக்கிறார் என்பதும், எதைச் செய்ய முடியும் எதைச் செய்ய முடியாது என்பதும். மருத்துவரிடம் சான்று கேட்கும்போதும் இதே இரண்டையும் எழுதித் தரச் சொல்ல வேண்டும். நாங்கள் முதலில் வாங்கிய சான்றில், “பக்கவாத நோயாளி, சிகிச்சையில் உள்ளார்” என்று மட்டும்தான் இருந்தது. அதைப் பார்த்தால் நோயாளி நினைவோடு இருக்கிறாரா என்றே தெரியாது. அது தெரியாமல் எந்த அதிகாரியும் ரேகை வாங்கத் துணிய மாட்டார், வாங்கவும் கூடாது. திரும்பப் போய், “சுயநினைவுடன் உள்ளார், சொல்வதைப் புரிந்துகொள்கிறார், வலது கை செயலிழந்ததால் கையெழுத்திட இயலாது” என்று மருத்துவர் பதிவு எண், முத்திரையோடு வாங்கினேன். இதற்கு 200 ரூபாய் ஆனது.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டேன். கவுன்டரில், “இதெல்லாம் ஆன்லைன்ல போடுங்கம்மா” என்றார்கள். ஏஜென்ட் வந்து முடியாமல் போன கோரிக்கை எண்ணைக் காட்டினேன். உள்ளே மேலாளரிடம் அனுப்பினார்கள். அவர் கடிதத்தை முழுக்கப் படித்தார். “வியாழக்கிழமை மத்தியானம் வர்றோம். எங்க கிளையிலே கணக்கு இருக்கிற அக்கம்பக்கத்துக்காரர் ஒருத்தர் சாட்சிக்கு வேணும். சொந்தக்காரங்க கூடாது” என்றார். முதல் நாள் வாசலோடு எங்களைத் திருப்பியனுப்பிய அதே கிளைதான். கேட்டது மாறியதால் பதிலும் மாறியது.

சாட்சிக்கு ஆள் பிடிப்பதுதான் எங்களுக்கு எதிர்பாராத சிக்கலாக இருந்தது. எதிர்வீட்டு ஐயாவுக்கு அந்தக் கிளையில் கணக்கு இல்லை. சித்தப்பா மகனுக்கு இருக்கிறது, ஆனால் சொந்தம். கடைசியில் தெருமுனையில் மாவு மில் வைத்திருக்கும் அண்ணன் ஒத்துக்கொண்டார். அவருடைய நடப்புக் கணக்கு அங்கேதான் இருந்தது. உங்கள் வீட்டில் யாராவது படுக்கையில் இருந்தால், அவர்கள் கிளையில் தெருவில் வேறு யாருக்குக் கணக்கு இருக்கிறது என்று இன்றைக்கே விசாரித்து வையுங்கள்.

வியாழக்கிழமை உதவி மேலாளர் அம்மா ஒருவர் கடைநிலை ஊழியரோடு வந்தார். நான் மேசையில் எடுத்து வைத்திருந்தவை: பாஸ்புக், ஆதார் மூலமும் நகலும், பான் கார்டு நகல், ஓய்வூதிய ஆணை நகல், இரண்டு புகைப்படம், மருத்துவச் சான்று, என் ஆதாரும் பானும். புகைப்படம் எடுக்க கேமராக்காரரை வரவழைக்கவில்லை. கட்டிலில் சாய்ந்து உட்காரவைத்துப் பின்னால் வெள்ளை வேட்டியைப் பிடித்துக்கொண்டு கைபேசியில் எடுத்து, கடையில் அச்சடித்தேன், அதை ஏற்றுக்கொண்டார்கள்.

அந்த அதிகாரி உடனே மைப்பெட்டியை எடுக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவிடம் பேசினார். எங்களை அறைக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, மாவு மில் அண்ணனை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டார். “அம்மா, உங்க பேர் என்ன? யார்கிட்ட பணம் குடுக்கணும்? எவ்வளவு?” அம்மா என் பெயரைச் சொன்னார். குழறலாகத்தான். தொகையைக் கேட்டதும் நான்கு விரலைக் காட்டி, பிறகு ஐந்தைக் காட்டினார். வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்தக் கேள்விகளை எங்களை அவமானப்படுத்துவதாக நினைக்கவே இல்லை. பிள்ளைகள் பக்கத்தில் நின்று மிரட்டி ரேகை வாங்குகிற வீடுகளும் உண்டு. அதைத் தடுக்க இருக்கிற ஒரே இடம் இதுதான்.

பிறகு இடது பெருவிரலை மையில் மெல்ல ஒற்றி, காகிதத்தில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு உருட்டி எடுத்தார். அழுத்தினால் மை பரவி அப்பிவிடும், உருட்டினால் இருக்கிற நாலு கோடாவது விழும் என்றார். ஒவ்வொரு ரேகைக்குக் கீழேயும் அம்மாவின் பெயரையும் “இடது கைப் பெருவிரல்” என்பதையும் எழுதினார். அடுத்த முறை அவசரத்தில் வேறு விரலை வைத்துவிட்டால் ஒப்பிட முடியாதாம். அவரும் மாவு மில் அண்ணனும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். இப்படி நான்கு காகிதம்: பணம் எடுக்கும் படிவம், கையெழுத்துக்குப் பதில் இனி ரேகை என்கிற மாற்று விண்ணப்பம், கேஒய்சி புதுப்பித்தல், நான்காவது மாதாமாதம் பணம் மாற்றச் சொல்லும் ஒரு கடிதம்.

அந்த நான்காவதைக் கேட்கச் சொன்னதும் ஐயாதான். மாதாமாதம் அதிகாரியை வரவழைக்க முடியாது இல்லையா? மாதாமாதம் ஒரு தொகையை என் கணக்குக்கு மாற்றிவிடச் சொல்லி அம்மாவே வங்கிக்கு எழுதிக் கொடுப்பது அது. கிளையில் அதை ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் என்பார்கள்.  கூட்டுக் கணக்காக மாற்றிவிடலாமே என்று முதலில் கேட்டேன். மத்திய அரசு ஓய்வூதியம் வரும் கணக்கில் கணவன் மனைவியைச் சேர்க்கலாமே தவிர பிள்ளைகளைச் சேர்க்க முடியாது என்றார் மேலாளர். ஓய்வூதியம் வராத சாதாரண சேமிப்புக் கணக்கு என்றால், கை நன்றாக இருக்கும்போதே “இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்” என்று மகனையோ மகளையோ சேர்த்துவிட்டால் இந்தக் கதை எதுவுமே தேவைப்படாது.

அன்று சாயங்காலமே கிளைக்குப் போய், மாவு மில் அண்ணனும் அந்த அதிகாரியும் என்னை அடையாளம் சொல்ல, படிவத்தின் பின்புறம் கையெழுத்திட்டு 45,000 ரூபாய் வாங்கினேன். அம்மாவின் விரலில் மை மறுநாள் வரைக்கும் போகவில்லை. தலையணை உறையில் நீலமாக ஒரு கறை விழுந்தது.

கட்டணத்தைப் பற்றி நிறையப் பேர் பயப்படுகிறார்கள், அதனால் பாஸ்புக்கில் உள்ளதை அப்படியே சொல்கிறேன். அதிகாரி வந்து போனதற்கு 75 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 13.50, ஆக மொத்தம் 88.50 ரூபாய் கணக்கிலிருந்து பிடித்திருந்தார்கள். கையில் யாருக்கும் ஒரு பைசா கொடுக்கவில்லை. கட்டணம் எப்போதும் கணக்கிலிருந்துதான் போகும். வந்தவர் கையை நீட்டினால் கொடுக்காதீர்கள், கிளைக்குச் சொல்லுங்கள். ஏஜென்ட் சேவையில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித்தனியாகப் பிடிக்கும் என்பதால், ஒரே வகையில் வேண்டியதை யோசித்து மொத்தமாகக் கேட்பது நல்லது. தொகை வங்கிக்கு வங்கி மாறும். மாற்றுத்திறனாளிகளுக்கு மாதத்தில் சில முறை இலவசமாகச் செய்யும் வங்கியும் உண்டு. அடையாள அட்டை இருந்தால் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். கிளையிலிருந்து இத்தனை கிலோமீட்டருக்குள் என்ற எல்லையும் உண்டு. சில வங்கிகளில் அது ஐந்து கிலோமீட்டர். உசிலம்பட்டிப் பக்கம், மேலூர்ப் பக்கம் கிராமத்தில் பெற்றோரும், மதுரை டவுனுக்குள் கணக்கும் என்று இருக்கும் வீடுகளுக்கு இது பெரிய இடைஞ்சல். கணக்கைப் பக்கத்துக் கிளைக்கு மாற்றிக்கொள்வதை அவர் எழுந்து நடமாடும்போதே முடித்துவிட வேண்டும்.

அக்டோபரில் வாழ்நாள் சான்று கொடுக்கும் நேரம் வந்தது. மற்றவர்களுக்கு நவம்பர், 80 வயதைத் தாண்டிய மத்திய அரசு ஓய்வூதியர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். தபால்காரரைக் கூப்பிட்டால் அஞ்சலக வங்கி வழியாக வீட்டிலேயே எடுத்துத் தருவார், ஜிஎஸ்டி உட்பட 70 ரூபாய். ஆனால் விரல்தான் தேய்ந்துபோயிற்றே. அதனால் முகத்தை வைத்தே எடுத்தோம். தம்பியின் கைபேசியில் AadhaarFaceRD, Jeevan Pramaan என்ற இரண்டு செயலிகளையும் ஏற்றி, முதலில் இயக்குபவராகத் தம்பியின் முகத்தைப் பதிவு செய்து, பிறகு அம்மாவின் ஆதார் எண், ஓய்வூதிய ஆணை எண், கணக்கு எண்ணைப் போட்டோம். இதற்குச் செலவே இல்லை. முகத்தில் வெளிச்சம் சமமாக விழ வேண்டும், கண்ணை ஒருமுறை மூடித் திறக்க வேண்டும். ஜன்னல் பக்கம் இருந்த வெயிலில் இரண்டு முறை தவறியது. கட்டிலைத் திருப்பிப் போட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டு, “அம்மா, கண்ணை மூடித் தொறங்க” என்றதும் மூன்றாவது முறையில் எடுத்துக்கொண்டது. சான்றின் எண் பட்டன் போனுக்குக் குறுஞ்செய்தியாக வந்தது. குறுஞ்செய்தி வந்ததோடு விட்டுவிடாமல், வங்கியில் அது ஏறியிருக்கிறதா என்று டிசம்பர் ஓய்வூதியம் வரும்வரை கவனித்தேன். ஏறியிருந்தது.

கிளை மறுத்தால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: முத்திரை வாங்கிய அந்தப் பிரதிதான் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம். அதை வைத்து வங்கியின் புகார்ப் பிரிவில் எழுத்தில் புகார் செய்யுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ cms.rbi.org.in என்ற தளத்தில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. முத்திரை இல்லாமல் வாயால் கேட்டது எதுவும் அங்கே நிற்காது.

இந்த வழி எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். திருமங்கலத்தில் என் பெரியப்பா மறதி நோயில் இருக்கிறார். கை நன்றாக இருக்கிறது, கையெழுத்தும் அழகாகப் போடுவார், ஆனால் என்னவென்று தெரியாமல் போடுவார். அங்கே அதிகாரி வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வியிலேயே நின்றுவிடும். இப்படி எழுதிக் கொடுக்கும் கடிதமும் அதிகாரப் பத்திரமும் கொடுத்தவருக்குத் தன் செயலைப் புரிந்துகொள்ளும் தெளிவு இருக்கும்வரைதான் செல்லும். அது போன பிறகு நீதிமன்றம் வழியாகக் காப்பாளரை நியமித்துக்கொண்டுதான் கணக்கைத் தொட முடியும். பெரியப்பா வீட்டில் இப்போது அதற்குத்தான் வக்கீலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு வருடம் முன்னால், பெயர்கள் மட்டும் மறக்கத் தொடங்கியிருந்த அந்தச் சமயத்தில் வங்கியில் ஒரு கடிதம் கொடுத்திருந்தால் அண்ணனைக் கூட்டுக் கணக்கில் சேர்த்திருக்கலாம். அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அம்மா எழுதிக் கொடுத்த ஏற்பாடும் அவர் உயிரோடும் தெளிவோடும் இருக்கும்வரைதான். அவர் இல்லாத மறுநாள் அதை வைத்து ஒரு ரூபாய்கூட நான் எடுக்கக் கூடாது. அப்படி எடுத்த ஓய்வூதியத்தைத் திரும்பக் கட்ட வேண்டி வரும். தம்பிக்கும் எனக்கும் நடுவில் சந்தேகம் வந்துவிடக் கூடாது என்று, எடுக்கிற பணத்தை ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதி அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறேன். டயப்பர் விலையைக் கேட்டால் மட்டும், “இம்புட்டா?” என்று இடது கையை உயர்த்துகிறார்.